தாலி கட்டும் படத்தில் யாரோ ஒருவர்: கல்யாண ஆல்பத்துக்கு ஆர்டர் கொடுக்கப்போகிறவர்கள் படியுங்கள்

என் மகள் கல்யாண ஆல்பம் வந்த அன்று என் அம்மாவின் மடியில் வைத்துத்தான் முதலில் திறந்தோம். இரண்டு பக்கத்துக்கும் விரிந்து நிற்கும் முதல் படம், மாப்பிள்ளை தாலி கட்டும் நேரம். அம்மா கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "நான் எங்கேடா?" என்றார்.

மகளின் இடது தோளுக்குப் பின்னால், நாத்தனாருக்குப் பக்கத்தில், அட்சதையோடு நின்றவர் அம்மா. படத்தில் அந்த இடத்தில் பச்சை டீ-ஷர்ட் போட்ட ஒருவர் செல்போனை உயர்த்திப் பிடித்திருக்கிறார். மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நாங்களும், எங்கள் ஆள் என்று அவர்களும் நினைத்திருந்தோம். விசாரித்ததில் இரண்டு வீட்டாருக்குமே அவரைத் தெரியவில்லை.

போட்டோகிராபரிடம் போனில் சொன்னேன். "பண்ணிடலாம் சார்" என்றே மூன்று வாரம் ஓடியது. அப்புறம்தான் கடிதம் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். முக்கியமான பகுதி இது:

"தம்பி, பச்சைச் சட்டைக்காரரை அழித்தால் மட்டும் போதாது. அவர் மறைத்த இடத்தில் என் தாயார் நின்றார். அந்த நிமிடத்தில் நீங்கள் வரிசையாக எடுத்த மற்ற படங்களில் தாயார் தெரியும் படத்தைத் தேடி, அதிலிருந்து அந்தப் பகுதியை எடுத்துச் சேருங்கள். அச்சுக்குப் போகும் முன் பெரிய திரையில் எனக்குக் காட்டுங்கள்."

இப்படிக் குறிப்பாக எழுதக் காரணம், என் தம்பி மகன் அச்சகத்தில் டிசைன் வேலை பார்க்கிறான். "பெரியப்பா, ஆளுக்குப் பின்னால் இருப்பது கேமராவில் பதிவாகவே இல்லை. அழித்தால், பக்கத்தில் இருக்கும் பூவையும் தூணையும் நகலெடுத்துத்தான் அந்த ஓட்டையை அடைக்க முடியும். பாட்டி வரமாட்டார்" என்று அவன்தான் விளக்கினான். தாலி கட்டும்போது கேமரா ஒரு நொடிக்குள் பல படங்களைத் தட்டித் தள்ளும். கேமரா அதிகம் நகராமல் இருந்தால் ஒரு படத்தின் துண்டு இன்னொன்றில் அழகாகப் பொருந்தும் என்றான்.

பத்து நாளில் திருத்திய படம் வந்தது. பச்சைச் சட்டை இல்லை, அம்மா இருந்தார். சந்தோஷப்பட்டு மகளுக்கு அனுப்பினேன். "அப்பா, பாட்டி முகூர்த்தத்துக்கு அரக்குப் புடவைதானே கட்டினார்?" என்றாள். படத்தில் நீலப் புடவை. ரிசப்ஷனில் எடுத்த படத்திலிருந்து அம்மாவை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். சுற்றியிருப்பவர்கள் முகத்தில் வெளிச்சம் வலப்பக்கம் விழ, அம்மாவுக்கு மட்டும் இடப்பக்கம். பின்னாலுள்ள மணவறைத் தூண் நடுவில் ஒடிந்து வளைந்திருந்தது. அதில் சுற்றிய சாமந்திச் சரத்தில் ஒரே பூ, ஒரே வாடிய இதழோடு, மூன்று இடத்தில் இருந்தது.

நேரில் போய்க் கேட்டபோதுதான் உண்மை வந்தது. ஆல்பம் அச்சானதும் தேர்ந்தெடுக்காத படங்களை எல்லாம் அழித்துவிட்டார்களாம். "டிசைனை நீங்கதானே சார் ஓகே பண்ணீங்க?" என்றும் சொன்னார். ஆமாம், பண்ணினோம். வாட்ஸ்அப்பில் வந்த சுருங்கிய படத்தை போனில் பார்த்து. மூன்றடி அகலத்துக்கு அச்சாகப்போகிற படம் அது. அந்த அளவில் பச்சைச் சட்டை ஒரு புள்ளியாகத்தான் தெரிந்தது. மீதிப் பணத்தையும் அன்றே கொடுத்துவிட்டோம். அந்தத் தவறு எங்களுடையது.

ஆல்பத்தைச் சரிசெய்து தர இன்னும் 12,000 ரூபாய் கேட்டார். இந்த வகை ஆல்பத்தில் தாள்களை முதுகோடு முதுகு ஒட்டியிருப்பார்கள். ஒரு விரிப்பைப் பிரித்தால் பக்கத்துத் தாளும் கிழியும், அதனால் பெரும்பாலும் புதிதாகவே போடவேண்டியிருக்கும். அச்சுக்கு முன் பிடித்திருந்தால் அரை மணி நேர வேலை.

அதனால் ஆல்பம் டிசைனுக்குப் போகும் முன்பே, எடுத்த எல்லாப் படங்களையும், மங்கலானதையும் சேர்த்து, ஹார்டு டிஸ்கில் வாங்கிவிடுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும்போதே இதை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1957 காப்புரிமைச் சட்டத்தின் 17வது பிரிவுப்படி எடுக்கச் சொன்னவருக்குத்தான். ஆனால் கோப்பையே அழித்துவிட்டால் உரிமையை வைத்து என்ன செய்வது? அந்த முதல் விரிப்பை மட்டுமாவது கம்ப்யூட்டரிலோ டிவியிலோ போட்டு, மணமக்களை விட்டுவிட்டு பின்னால் நிற்கும் ஒவ்வொரு முகத்தையும் பெயர் சொல்லிப் பாருங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவரும் உடன் இருக்கட்டும்.

எங்களுக்குக் கைகொடுத்தது வீடியோ. அதில் கெட்டி மேளம் தொடங்கும் கணத்தில், பச்சைச் சட்டைக்காரர் முன்னால் வருவதற்குச் சற்று முன்பு, அம்மா கையை ஓங்கி அட்சதை போடுகிறார். வீடியோவிலிருந்து எடுத்த படம் மூன்றடிக்குப் பெரிதாக்கினால் உடைந்துபோகும். ஆனால் எங்களுக்கு வேண்டியது அம்மா நிற்கும் சிறு பகுதிதானே. தம்பி மகன் இரண்டு இரவு உட்கார்ந்து அதைப் பொருத்தினான். முகம் கொஞ்சம் மென்மையாகத் தெரிகிறது, புடவை அரக்குதான். அதைச் சட்டம் போட்டு அம்மா கட்டிலுக்கு எதிரே மாட்டியிருக்கிறோம். ஆல்பத்தில் இன்னும் பச்சைச் சட்டைக்காரர்தான் நிற்கிறார். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன்.