அட்டைப்பெட்டி ஆர்டர்: எந்த வாசகம் சீசனில் கைகொடுக்கும்?

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை ஒன்று, பெங்களூரா மாம்பழ சீசனுக்காக 12,000 அட்டைப்பெட்டிகளை ஓசூரில் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெட்டியில் தலா 3.1 கிலோ கூழ் கொள்ளும் 6 ஏ10 டின்கள் அடங்கும். பெட்டி 42 ரூபாய், ஜிஎஸ்டி தனி. பர்ச்சேஸ் ஆர்டரை மூன்று விதமாக எழுதுகிறார்கள். முதலாவது, "5 பிளை பெட்டி, நல்ல தரம், 3 வாரத்தில்" என்ற ஒற்றை வரி. இரண்டாவது, அரசு டெண்டரிலிருந்து எடுத்த "வாரத்துக்கு 0.5%, அதிகபட்சம் 5%" பெனால்டி. மூன்றாவது, லாட் வாரியாகத் தேதியும் நாள் கணக்கில் பெனால்டியும்.

ஒற்றை வரி தரத்திலேயே சறுக்குகிறது. 5 பிளை என்றால் ஐந்து அடுக்குக் காகிதம், அவ்வளவுதான். காகிதத்தின் எடையை ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது சொல்லும்; வெடிப்பைத் தாங்கும் திறனை பி.எஃப் என்ற பர்ஸ்ட் ஃபாக்டர் சொல்லும். 120 ஜிஎஸ்எம், 16 பி.எஃப் காகிதத்தில் செய்ததும் 5 பிளைதான். 150 ஜிஎஸ்எம், 20 பி.எஃப் காகிதத்தில் செய்ததும் 5 பிளைதான். ஒவ்வொரு காகிதத்துக்கும் ஜிஎஸ்எம்மை பி.எஃப்பால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்து, மூன்று தட்டைக் காகிதங்களை முழுதாகவும் இரண்டு நெளிகாகிதங்களைப் பாதியாகவும் எடுத்துக் கணக்கிட்டால், வெடிப்பு வலிமை முதலாவதில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 7.7 கிலோ, இரண்டாவதில் 12 கிலோ. கூழ் மட்டும் 18.6 கிலோ இருக்கும் பெட்டியை அடுக்கும்போது அடியில் எது நசுங்கும் என்பது தெரிந்ததே. ஆகவே இப்படி எழுதுங்கள்: "உள்ளளவு 475 × 318 × 182 மி.மீ, ஐந்து பிளையும் தலா 150 ஜிஎஸ்எம், 20 பி.எஃப், வெடிப்பு வலிமை 12 கிலோவுக்குக் குறையக்கூடாது, லாட்டுக்கு 5 பெட்டி சோதிக்கப்படும்." காகித எடையை ஆலையிலேயே பார்த்துவிடலாம். 10 செ.மீ சதுரத் துண்டைத் தண்ணீரில் ஊறவைத்து, பிளைகளைப் பிரித்துக் காயவைத்து எடை போடுங்கள். தட்டைக் காகிதம் 1.5 கிராம் இருந்தால் 150 ஜிஎஸ்எம். நெளிகாகிதத்தை நெளிவு விலகப் பிரித்து நீட்டியபின் அளந்து வெட்டினால்தான் கணக்கு சரியாக வரும்.

"3 வாரத்தில்" என்றால் எதிலிருந்து 3 வாரம்? ஆர்டர் தேதியா, அட்வான்ஸ் போன நாளா, அச்சு டிசைன் ஒப்புதல் தந்த நாளா? தகராறு பெரும்பாலும் இந்தக் கடைசியில்தான் வரும். "டிசைனே தாமதமாகத்தான் வந்தது" என்பார் சப்ளையர். மூன்றாவது வாசகம் நாட்காட்டித் தேதியைச் சொல்கிறது: மே 15, ஜூன் 1, ஜூன் 15, ஒவ்வொன்றிலும் 4,000 பெட்டி, ஆலை கேட்டில் இறக்கித் தர வேண்டும். "டிசைன் ஒப்புதல் ஏப்ரல் 25க்குள், ஆலை எத்தனை நாள் தாமதித்தாலும் தேதிகள் அத்தனை நாள் தள்ளும்" என்பதையும் சேர்க்க வேண்டும். இது சப்ளையருக்கும் நியாயம், நமக்கும் பாதுகாப்பு.

பெனால்டியில்தான் வித்தியாசம் பெரிது. முதல் லாட்டின் மதிப்பு 1,68,000 ரூபாய். அது 10 நாள் தாமதமாகிறது. டெண்டர் வாசகத்தில், வாரத்தின் பகுதியையும் முழு வாரமாகக் கொண்டால் 1%, அதாவது 1,680 ரூபாய். மே மாதத்தில் வேறு வாடிக்கையாளர் கூடுதல் விலை தந்தால் சப்ளையர் இதைக் கட்டிவிட்டு நம்மைக் காக்க வைக்க முடியும். "தாமதமான பெட்டிகளின் மதிப்பில் நாளுக்கு 1%, உச்சவரம்பு 10%" என்றால் 16,800. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74இன்படி எழுதிய தொகை ஓர் உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். அதனால் அவசரக் கொள்முதலின் கூடுதல் விலை, கூடுதல் லோடிங் கூலி ஆகியவற்றைப் போட்ட கணக்கு கோப்பில் இருக்கட்டும். உச்சவரம்பை எட்டியதும் மீதியை ரத்து செய்து வெளியில் வாங்கும் உரிமையையும் எழுதுங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தேதி முக்கியமான ஆர்டரில், பிந்தி வந்த சரக்கைப் பேசாமல் இறக்கிக்கொண்டால் அதே ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 55 தாமத இழப்பீட்டைப் பறித்துவிடும். எனவே கேட்டில் சலானில் "தாமதம், இழப்பீட்டு உரிமையுடன் பெறப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், அன்றே மின்னஞ்சலும் போகட்டும்.

பணம் தருவதில் "60 நாள்" என்று எழுதுவதால் பயனில்லை. பெட்டி செய்பவர் உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமானால், 2006 எம்எஸ்எம்இ சட்டப்படி உச்சவரம்பு 45 நாள். எழுத்தில் ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள். மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக ஏறும். நாள் எண்ணுவது சரக்கு வந்த தேதியிலிருந்து. 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபித்தால் மட்டுமே, அந்தக் குறை தீர்ந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். எனவே "லாட் வந்த 7 நாளுக்குள் சோதனை, தேறிய லாட்டுக்கு, வந்த நாளிலிருந்து 30 நாளில் பணம், பெனால்டி அதே பில்லில் கழிக்கப்படும்" என்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். அந்த 7 நாளில் எழுதும் ஆட்சேபனை நிற்க வேண்டுமானால், ஆர்டரில் 12 கிலோ என்ற எண் இருந்தாக வேண்டும். "நல்ல தரம்" என்று எழுதியவரிடம் அப்போது காட்ட எதுவும் இருக்காது.