போனில் வரைந்த பரவளையம்: ஐந்து வருட அனுபவம்

2020இல் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது ஆரம்பித்தது இது. அக்கா குடும்பம் வால்பாறைக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் இருக்கிறது. அங்கே பேசுகிற அளவுக்கு சிக்னல் கிடைக்கும், படம் அனுப்புகிற அளவுக்குக் கிடைக்காது. பத்தாம் வகுப்புக் கணக்கில் சந்தேகம் என்று அக்காவின் மூத்த மகள் ஒருநாள் ராத்திரி கூப்பிட்டாள். கேள்வி இது: y = x² − 4 இன் வரைபடம் வரைந்து, அதைக் கொண்டு x² − x − 12 = 0 ஐத் தீர்க்க வேண்டும். பொதுத்தேர்வில் எட்டு மதிப்பெண்ணுக்கு வருகிற வகை. வாயால் எப்படி வரைவது?

அன்றிலிருந்து மூத்தவளுக்கும், பிறகு சின்னவளுக்கும், இடையில் அவர்களுடைய தோழிகள் சிலருக்கும் வரைபடங்களைச் சொல்லித்தான் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வால்பாறை டவுனுக்கு இறங்கும்போது அந்த வாரம் வரைந்த தாள்களின் படங்கள் வரிசையாக வந்து விழும். நான் சொன்னது என்னவாக ஆகியிருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். இந்த முறையில் நான் கற்றுக்கொண்டது எல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமைப் படங்களில் இருந்துதான்.

முதல் படமே சிரிப்பு. பரவளையம் எப்படி இருக்கும் என்று கேட்டவளிடம் நான் "ப மாதிரி இருக்கும்மா" என்று சொல்லியிருந்தேன். அவளும் ப தான் போட்டிருந்தாள். அடியில் தட்டையான ஒரு கோடு, இரண்டு பக்கமும் நேராக நிமிர்ந்த கோடுகள். புள்ளிகளில் பாதி அதன் மேல் இல்லை. "மாமா, நீங்க ப-ன்னுதானே சொன்னீங்க, புள்ளிதான் தப்பா வந்திருச்சோன்னு நினைச்சேன்" என்றாள். புள்ளிகள் சரி. என் உவமைதான் தப்பு. உருவத்துக்கு உவமை சொன்னால் கேட்பவர் உவமையைத்தான் வரைவார் என்பது அன்றைக்குப் புரிந்தது.

அடுத்த முறை உவமையே வேண்டாம் என்று வெறும் புள்ளிகளை மட்டும் சொன்னேன். அவள் புள்ளிகளை ஸ்கேல் வைத்து இணைத்துவிட்டாள். அடியில் (0, −4) இல் கூர்மையாக ஒரு முனை. அதுவும் பரவளையம் இல்லை.

இப்போது சொல்வது இப்படி. முதலில் தாளைச் சொல்கிறேன், கோட்டைச் சொல்வதில்லை. "கிராஃப் தாளைச் செங்குத்தாக வை. இடதும் வலதும் சமமாக இருக்கிற மாதிரி நடுவில் y அச்சு. கீழேயிருந்து ஏழு சென்டிமீட்டர் மேலே x அச்சு. x அச்சில் 1 செ.மீ. = 1 அலகு, y அச்சில் 1 செ.மீ. = 2 அலகுகள். இதை வலது மேல் மூலையில் எழுதிவிட்டு என்னிடம் திருப்பிச் சொல்." திருப்பிச் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போக மாட்டேன். அளவுத்திட்டத்தில் பிசகினால் அதற்குப் பிறகு பேசுகிற இருபது நிமிடமும் வீண்.

அப்புறம் அட்டவணை. x = 0 என்றால் y = −4. x = 1 அல்லது −1 என்றால் −3. 2, −2 என்றால் 0. 3, −3 என்றால் 5. 4, −4 என்றால் 12. இடதையும் வலதையும் சேர்த்துச் சொல்வதில் ஒரு லாபம் இருக்கிறது: y அச்சின் இரு பக்கமும் ஒரே உயரத்தில் புள்ளி விழ வேண்டும், விழவில்லை என்றால் அவளே கண்டுபிடித்துவிடுவாள். தாளில் எங்கே வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். −3 என்றால் அச்சுக்குக் கீழே ஒன்றரை சென்டிமீட்டர், 5 என்றால் மேலே இரண்டரை, 12 என்றால் ஆறு. அலகையும் சென்டிமீட்டரையும் குழப்பிக்கொள்வதுதான் போனில் அதிகம் நடக்கும் தப்பு.

வளைவுக்கு வந்தால், ஏறும் அளவைச் சொல்கிறேன். 0இலிருந்து 1க்குப் போகும்போது ஏறுவது 1 அலகு. 1இலிருந்து 2க்கு 3. அடுத்து 5. அடுத்து 7. வெளியே போகப் போக செங்குத்தாகிக்கொண்டே போகும், ஆனால் எங்கேயும் நேர்க்குத்தாக நிற்காது. இதைக் கேட்டவர் கை ப போடாது. அடிமுனைக்கு ஒரே ஒரு புள்ளி கூடுதலாகக் கொடுக்கிறேன்: x = 0.5 இல் y = −3.75. அதாவது −4ஐ விட்டு இன்னும் நகரவே இல்லை. "அந்த இடத்தில் பென்சில் படுத்துக்கொண்டு போக வேண்டும்" என்று சொன்னால் கூர்முனை வராது. ஸ்கேல் இல்லாமல், கையால், ஒரே இழுப்பில். இதை மட்டும் இரண்டு தடவை சொல்வேன்.

அடுத்தது சமன்பாட்டைத் தீர்ப்பது. y = x² − 4 இலிருந்து 0 = x² − x − 12 ஐக் கழித்தால் y = x + 8 வரும். அந்த நேர்க்கோட்டை அதே தாளில் வரைந்து, வளைவை வெட்டும் இடங்களில் x எவ்வளவு என்று பார்த்தால் விடை. −3, 4. காரணிப்படுத்தினாலே தெரிந்துவிடும் விடைதான். ஆனால் கேள்வி வரைபடத்தைக் கேட்கிறது.

இங்கே நான் இரண்டு தடவை வழுக்கினேன். முதலாவது, அட்டவணையை −4 முதல் 4 வரையோடு நிறுத்தியது. நேர்க்கோடு வளைவைச் சந்திப்பது (4, 12) இல். என் வளைவு முடிவதும் அங்கேதான். "மாமா, இது வெட்டுதா, சும்மா தொடுதா?" என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்வி. அதன் பிறகு x = 5 ஐயும் சேர்த்துக்கொண்டேன். அங்கே வளைவு 21இல், கோடு 13இல். வளைவு கோட்டைத் தாண்டி மேலே போவது தாளிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவதில்தான் எனக்கு வெட்கம். கோட்டை எப்படிச் சொல்வது என்று யோசித்து, சாய்வு 1 தானே என்ற நினைப்பில், "(0, 8) வழியாக 45 பாகையில் ஏறும் கோடு" என்று சொல்லிவிட்டேன். சின்னவள் கெட்டிக்காரி, பாகைமானியை எடுத்துச் சரியாக 45 வைத்து வரைந்தாள். விடை −2.6, 4.6 என்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளைப் பார்த்து அரை மணி நேரம் விழித்தேன். வளைவு சுத்தமாக இருக்கிறது, கோடு (0, 8) வழியாகத்தான் போகிறது, விடை மட்டும் தப்பு. பிறகுதான் உறைத்தது. y அச்சில் 1 செ.மீ.க்கு 2 அலகு வைத்திருக்கிறோம். தாளில் 45 பாகை என்றால் ஒரு சென்டிமீட்டர் வலப்பக்கம் போனால் ஒரு சென்டிமீட்டர் ஏறும், அது 2 அலகு. அவள் வரைந்தது y = 2x + 8. அந்தக் கோட்டுக்கு −2.6, 4.6 மிகச் சரியான விடை! அவள் துல்லியமாக வரைந்ததால்தான் என் தப்பு எங்கே என்று தெரிந்தது.

அதிலிருந்து கோணத்தைச் சொல்வதே இல்லை. நேர்க்கோட்டுக்கு மூன்று புள்ளிகள்: (−4, 4), (0, 8), (4, 12). இரண்டே போதும், மூன்றாவது சரிபார்க்க. மூன்றும் ஒரே ஸ்கேலில் அடங்கவில்லை என்றால் ஏதோ ஒன்று தப்பு என்று என்னைக் கேட்காமலே தெரியும். வெட்டும் இடத்திலிருந்து x அச்சுக்கு விட்டு விட்டுச் செங்குத்துக் கோடு இறக்கி, அது தொடும் எண்ணை வட்டமிடச் சொல்வேன்.

நேரக் கணக்கு சொன்னால், முதல் வருடம் இந்த ஒரு கேள்விக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இப்போது பதினைந்து நிமிடம்.

இதே முறை அறிவியலில் லென்சுப் படத்துக்கு இன்னும் நன்றாக வேலை செய்கிறது, ஏனென்றால் அங்கே எல்லாமே நேர்க்கோடு. குவிலென்சில் பொருள் 2Fக்கு அப்பால் இருக்கும்போது பிம்பம் எங்கே என்ற கேள்வியை நான் இப்படிச் சொல்கிறேன். குறுக்கே ஒரு முதன்மை அச்சு. நடுவில் லென்சு, அதன் மையத்தில் O. O இலிருந்து இருபுறமும் 2 செ.மீ.யில் F, 4 செ.மீ.யில் 2F. இடப்பக்கம் 6 செ.மீ.யில் 2 செ.மீ. உயர அம்புக்குறி, அதுதான் பொருள். அம்பின் நுனியிலிருந்து அச்சுக்கு இணையாக ஒரு கதிர், லென்சின் நடுக்கோட்டில் திரும்பி வலப்பக்க F வழியாகக் கீழே இறங்கும். அதே நுனியிலிருந்து O வழியாக இன்னொரு கதிர், திரும்பாமல் நேராக. இரண்டும் வலப்பக்கம் 3 செ.மீ.யில், அச்சுக்குக் கீழே 1 செ.மீ.யில் சந்திக்கும். பிம்பம் தலைகீழ், பாதி உயரம், Fக்கும் 2Fக்கும் இடையில். அளந்து பார்த்து 3 வரவில்லை என்றால் முதல் கதிர் அச்சுக்கு இணையாகப் போகவில்லை என்று நானே போனில் சொல்லிவிடுவேன். பெரும்பாலும் அதுதான் காரணம். கதிர்களில் அம்புக்குறி போட மறப்பது தனிக்கதை. "கோடு போட்ட கையோடு அம்பு போடு" என்று ஒவ்வொரு கதிருக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.

உயிரியலில் இந்த முறை காலை வாரிவிட்டது. மனித இதயத்தின் நீள்வெட்டுத் தோற்றத்தைச் சொல்ல முயன்றேன். "வலது ஆரிக்கிள் மேலே வலப்பக்கம்" என்று ஆரம்பித்தேன், அதோடு எல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி மாறிப்போனது. இதயத்தின் வலதுபுறம் தாளில் நமக்கு இடப்பக்கம் வரும், எதிரே நிற்கிற ஆளின் வலது கை மாதிரி. அதைத் திருத்தியும் உருவம் வரவில்லை. பெருந்தமனி வளைந்து போகிற விதத்துக்கு எந்த எண்ணைச் சொல்வது? சென்டிமீட்டர் கணக்கில் சொல்லிப் பார்த்தேன், வந்தது உருளைக்கிழங்கு.

அதனால் இப்போது இதயத்துக்கு உருவம் சொல்வதில்லை. புத்தகத்தைப் பார்த்து அவளே வரைகிறாள். நான் சொல்வது எது எதோடு சேர்கிறது என்பதை மட்டும்: தாளின் இடப்பக்கம் உள்ள இரண்டு அறைகளுக்கு நடுவே மூவிதழ் வால்வு, மறுபக்கம் ஈரிதழ் வால்வு. நுரையீரல் தமனி வலது வென்ட்ரிக்கிளிலிருந்து, பெருந்தமனி இடது வென்ட்ரிக்கிளிலிருந்து. இடது வென்ட்ரிக்கிளின் சுவர் வலதை விடத் தடிமன். வரைந்து முடித்ததும் அவள் ஒவ்வொரு குழாயிலும் விரலை வைத்து, அது எந்த அறையில் போய் முடிகிறது என்று எனக்கு வாசித்துக் காட்டுகிறாள். போன வாரம் நுரையீரல் தமனியில் விரலை வைத்து ஆரம்பித்து இடது ஆரிக்கிளில் போய் முடித்தாள். நுரையீரல் சிரைக்குப் போட வேண்டிய கோட்டை தமனியோடு சேர்த்துவிட்டிருக்கிறாள். அழித்துவிட்டு வரைந்துகொண்டிருந்தபோது சிக்னல் போய்விட்டது. படம் இந்த ஞாயிற்றுக்கிழமை வரும்.