பழைய பில்களை ஹாட், வார்ம், கோல்டு என்று பிரித்து வைத்து ஓட்டிய அனுபவம்

கடைகளுக்கான பில்லிங் மென்பொருளைப் பராமரிப்பது என் வேலை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து எங்கள் வாடிக்கையாளர்கள் போட்ட பில்கள் எல்லாம் எங்களிடம் இருக்கின்றன. நினைத்தபோது அழித்துவிட முடியாது. ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டம். கம்பெனியாகப் பதிவான கடை என்றால் கணக்கு வழக்குகளை எட்டு நிதியாண்டு வரை வைத்திருக்க வேண்டும். ஆனால் நாலு வருடத்துக்கு முந்தைய பில்லை யார் தினமும் பார்க்கிறார்கள்? ஆடிட்டர் கேட்டால், நோட்டீஸ் வந்தால் மட்டும் தேடுவார்கள். அப்போது மட்டும் உடனே வேண்டும் என்பார்கள்.

எல்லாமே அமேசானின் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ் போஸ்ட்கிரஸில் இருந்தது. வர்ஜீனியா ரீஜனின் பட்டியல் விலைப்படி அங்கே ஒரு ஜிபி மாதத்துக்கு 0.115 டாலர், அதுவும் ஒற்றை ஜோனுக்கு. அதே ஜிபி அமேசானின் ஃபைல் கிடங்கான எஸ்3 ஸ்டாண்டர்டில் 0.023, அதே கிடங்கின் மலிவு வகுப்பான கிளேசியர் இன்ஸ்டன்ட் ரிட்ரீவலில் 0.004. மும்பையில் இதைவிடக் கொஞ்சம் கூடும், விகிதம் கிட்டத்தட்ட இதேதான். ஆகவே நடப்பு பில்கள் போஸ்ட்கிரஸில் ஹாட்டாகவும், கணக்கு முடிந்தவை எஸ்3 ஸ்டாண்டர்டில் பத்தி வாரியாகச் சேமிக்கும் பார்கே ஃபைல்களாக வார்மாகவும், அதற்கும் பழையவை இன்ஸ்டன்ட் ரிட்ரீவலில் கோல்டாகவும் இருக்கின்றன. எஸ்3 ஃபைல்கள் மேலேயே நேரடியாக குவெரி ஓட்டும் சேவையான அத்தீனா, வார்ம், கோல்டு இரண்டையும் ஒரே டேபிளாகக் காட்டுகிறது.

எப்போது நகர்த்துவது என்பதில்தான் முதல் விவாதம். 90 நாள், 180 நாள் என்று நாள் கணக்கு வைப்பது எளிது. ஆனால் ஒரு நிதியாண்டின் பில்லை அடுத்த நவம்பர் 30 வரை ரிட்டர்னில் திருத்தலாம். அதாவது 2023 ஏப்ரலில் போட்ட பில்லுக்கு 2024 நவம்பர் வரை உயிர் இருக்கிறது. பார்கே ஃபைலில் ஒரு வரியைத் திருத்த வேண்டும் என்றால் முழு ஃபைலையும் மறுபடி எழுத வேண்டும். கோல்டுக்குப் போன ஃபைலை 90 நாளுக்குள் அழித்தாலோ மேலெழுதினாலோ மீதி நாளுக்கும் சேர்த்து வாடகை விழும். அதனால் வயதைப் பார்க்காமல், நவம்பர் 30 தாண்டிய நிதியாண்டை மொத்தமாக ஹாட்டிலிருந்து எடுக்கிறோம். ஃபைல்களைத் தானாக வகுப்பு மாற்றும் எஸ்3 லைஃப்சைக்கிள் விதியில் இன்னொன்று கவனிக்க வேண்டும்: அது நாளை எண்ணுவது ஃபைல் உருவான தேதியிலிருந்து, பில் தேதியிலிருந்து அல்ல. 2018 பில்லை இன்று ஏற்றினால் அதன் கண்ணுக்கு அது இன்று பிறந்த குழந்தை. அவ்வளவு பழையதை நேரடியாக `GLACIER_IR` வகுப்பிலேயே எழுதிவிடுகிறோம்.

வெளியே எடுக்கும் வேலை சிக்கலில்லாதது. மாத வாரியாகப் பார்ட்டிஷன் போட்டிருப்பதால் ஒரு மாதத்தைக் கழற்றுவது ஒரே வரி:

```sql
ALTER TABLE bills DETACH PARTITION bills_2019_08 CONCURRENTLY;
```

டிஃபால்ட் பார்ட்டிஷன் இருந்தால் இது ஓடாது, டிரான்சாக்ஷன் பிளாக்குக்குள்ளும் ஓடாது. கழற்றிய டேபிளின் வரி எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் ஒரு சின்ன சரிபார்ப்பு டேபிளில் குறித்துக்கொள்கிறோம். பார்கே எழுதி முடித்ததும் அத்தீனாவில் அதே இரண்டையும் கேட்டு, ஒத்துப்போனால் மட்டும் DROP. அப்புறம் ஒன்று: DROP செய்ததும் ஆர்டிஎஸ் பில் குறைந்துவிடாது. ஏற்கெனவே ஒதுக்கிய டிஸ்க் அளவுக்குத்தான் காசு, அந்த அளவை அப்படியே சுருக்கவும் முடியாது. சின்ன டிஸ்க்குடன் இன்னொரு இன்ஸ்டன்ஸுக்கு மாற வேண்டும். மேலிடத்துக்கு மிச்சக் கணக்கு காட்டும் முன் இதைச் சொல்லிவிடுவது நல்லது.

ஃபைல் அளவுதான் எல்லாவற்றையும் விட முக்கியம் என்பேன். கடைக்கு ஒரு ஃபைல், நாளுக்கு ஒரு ஃபைல் என்று எழுதலாமா என்று ஆரம்பத்தில் ஒரு யோசனை வந்தது. தேட வசதிதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 கேபி அளவில் ஒரு கோடி ஃபைல் என்றால் உண்மையான டேட்டா 200 ஜிபி. ஸ்டாண்டர்டில் மாதம் 4.60 டாலர். இன்ஸ்டன்ட் ரிட்ரீவலில் எந்த ஃபைலுக்கும் குறைந்தபட்சம் 128 கேபிக்கு வாடகை உண்டு. அந்த 200 ஜிபி அங்கே 1,280 ஜிபியாக எண்ணப்பட்டு 5.12 டாலர் ஆகிறது. மலிவான இடத்துக்குப் போனதில் செலவு கூடுகிறது! நகர்த்தும் கட்டணம் ஆயிரம் ஃபைலுக்கு 0.02 டாலர், ஒரு கோடிக்கு 200 டாலர். 2024 செப்டம்பர் முதல் லைஃப்சைக்கிள் விதி 128 கேபிக்குக் குறைந்த ஃபைல்களைத் தானாக நகர்த்துவதில்லை. அதனால் செலவு ஏறாது, குறையவும் செய்யாது. நாங்கள் மாதத்துக்குச் சில ஃபைல்கள், ஒவ்வொன்றும் சில நூறு எம்பி, உள்ளே கடை எண் வரிசைப்படி என்று வைத்தோம். கடை எண் வரிசை இருப்பதால், ஒரு கடையைக் கேட்கும்போது ஃபைலின் சம்பந்தமில்லாத பகுதிகளை அத்தீனா தொடுவதே இல்லை.

அது ஏன் காசு விஷயம் என்றால், கோல்டில் வைப்பதற்கு வாடகை குறைவு, எடுப்பதற்குக் கட்டணம் அதிகம்: ஜிபிக்கு 0.03 டாலர். அத்தீனா தன் பங்குக்கு ஒரு டிபி ஸ்கேனுக்கு 5 டாலர் வாங்கும். நோட்டீஸுக்கான தேடல் இப்படி இருக்கும்:

```sql
SELECT bill_no, bill_date, total
FROM bills_old
WHERE fy = '2019-20' AND mon = 8 AND shop_id = 4417;
```

`fy`, `mon` இரண்டும் பார்ட்டிஷன். சில எம்பி படிக்கும், சில நொடியில் பதில் வரும், காசு கண்ணில் படாது. இதே டேபிளை ஒரு ரிப்போர்ட் டூலோடு இணைத்து முழுசாக ரெஃப்ரெஷ் செய்யச் சொன்னால் கதை வேறு. 2 டிபி என்று வைத்துக்கொள்வோம். கோல்டு வாடகை மாதம் 8 டாலர், ஸ்டாண்டர்டில் இருந்தால் 46. ஆனால் ஒரே ஒரு முழு ஸ்கேனுக்கு எடுப்புக் கட்டணம் மட்டும் 60 டாலர். மாதம் ஒருமுறை முழுசாகப் படிக்கிற டேட்டா என்றால் அதைக் கோல்டில் வைக்கவே கூடாது. அதனால்தான் போன இரண்டு நிதியாண்டுகளை வார்மில் விட்டிருக்கிறோம், ஒப்பீட்டு ரிப்போர்ட்டெல்லாம் அந்த வட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. கூடவே அத்தீனா வொர்க்குரூப்பில் ஒரு குவெரி இவ்வளவு ஜிபிக்கு மேல் படித்தால் நிறுத்து என்று வரம்பும் போட்டிருக்கிறோம். நிறுத்தும் வரை படித்ததற்குக் காசு உண்டு, ஆனாலும் சேதம் அதோடு நிற்கும்.

எஸ்3-இலேயே டீப் ஆர்க்கைவ் என்ற வகுப்பு இன்னும் மலிவு, ஜிபிக்கு 0.00099 டாலர். சபலம் வரத்தான் செய்யும். ஆனால் அங்கிருந்து ஃபைலை மீட்கச் சாதாரண வழியில் 12 மணி நேரம் வரை ஆகும், மலிவு வழியில் 48. அதைவிட மோசம், அங்கே போன ஃபைலை அத்தீனா சத்தமில்லாமல் விட்டுவிடும். எரர் எதுவும் வராது, வரிகள் மட்டும் குறையும். ஆடிட்டர் கையில் அரைகுறை பட்டியல் போய்ச் சேரும். இதைக் கண்டுபிடிக்க அந்தப் பழைய சரிபார்ப்பு டேபிள்தான் ஒரே வழி. மாதம் ஒருமுறை பார்ட்டிஷன் வாரியாக `count(*)` எடுத்து அதோடு ஒப்பிடுகிறோம். பார்கேயில் எண்ணிக்கை ஃபைலின் அடிக்குறிப்பிலேயே இருப்பதால் இந்தச் சோதனைக்கு ஏறக்குறையச் செலவே இல்லை. வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்து, வழக்கு நடப்பதால் மட்டும் அழிக்க முடியாத பில்களை டீப் ஆர்க்கைவில் போடுகிறோம். அவற்றுக்குத் தனி பக்கெட், அத்தீனா டேபிளின் பாதைக்கு வெளியே.