டெங்கு காய்ச்சலில் பிள்ளையை அட்மிட் செய்தால் கிளைமுக்கு என்னென்ன கேட்கிறார்கள்: எங்கள் அனுபவம்

பல வருடமாக ஒரே குடும்ப ஃப்ளோட்டர் பாலிசியைப் புதுப்பித்துக்கொண்டு வருகிறோம். அதில் பிள்ளைகளின் காய்ச்சலுக்காக இரண்டு பெரிய கிளைம் போட்டிருக்கிறோம். மகளுக்கு டெங்கு வந்தபோது கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு வாங்கினோம், மகனுக்கு டைபாய்டு வந்தபோது கேஷ்லெஸ். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், கேட்கப்படும் காகிதங்கள் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். சொந்தக்காரர்களில் மூன்று பேராவது "பில் எல்லாம் இருக்கு, அப்புறம் ஏன் நிறுத்தி வச்சிருக்காங்க?" என்று கேட்டுவிட்டார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

பில்லில் பெரும்பாலும் சிக்கல் வருவதில்லை. டெங்கு கிளைமில் வரும் கேள்வி வேறு: குழந்தையை அட்மிட் செய்துதான் ஆக வேண்டுமா, வீட்டில் வைத்தே பார்த்திருக்கலாமே? இதற்குக் காரணம் அந்த நோயின் சுபாவம். டெங்குவுக்கென்று தனி மருந்து கிடையாது. பாரசிட்டமால், வாந்திக்கு ஒரு ஊசி, குளுக்கோஸ் அல்லது சலைன், தினமும் ரத்தப் பரிசோதனை, மணிக்கொரு முறை நர்ஸ் வந்து பார்ப்பது, சிகிச்சை அவ்வளவுதான். பில்லை மட்டும் பார்க்கிற இன்சூரன்ஸ் டாக்டருக்கு இது சாதாரணக் காய்ச்சலுக்கு நாலு நாள் ரூம் போட்டுப் படுத்திருந்த மாதிரி தெரியும். பாலிசிகளில் "பரிசோதனைக்காகவும் கண்காணிப்புக்காகவும் மட்டும் சேர்ந்தால் பணம் கிடையாது" என்று ஒரு விலக்கு இருக்கிறது. அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அந்த நாலு நாளும் உள்ளே என்ன நடந்தது என்பது பில்லில் இருக்காது, கேஸ் ஷீட்டில் இருக்கும்.

மகள் விஷயத்தையே சொல்கிறேன். ஏழு வயது, ஐப்பசி மழைக்காலம், காய்ச்சல். தெருமுனை டாக்டரிடம் காட்டினோம், மூன்றாம் நாள் அவர் எழுதிக்கொடுத்து வெளி லேபில் எடுத்ததில் டெங்குவைக் கண்டுபிடிக்கும் என்எஸ்1 டெஸ்ட் பாசிட்டிவ். பிளேட்லெட் 1,42,000, ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று காட்டும் பிசிவி 36. அன்று மாலையே வாந்தி நிற்கவில்லை, வயிற்று வலி என்று அழுதாள், மதியத்திலிருந்து சிறுநீர் போகவில்லை. நெட்வொர்க்கில் இல்லாத மருத்துவமனைதான் பக்கத்தில் இருந்தது, அங்கேயே சேர்த்தோம். அன்றைக்கே இன்சூரன்ஸ் எண்ணுக்குப் போன் செய்து தகவல் சொல்லி, அவர்கள் கொடுத்த எண்ணைக் குறித்துக்கொண்டோம். அவசரமாகச் சேர்த்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று எங்கள் பாலிசியில் இருக்கிறது. மறுநாள் பிளேட்லெட் 96,000, அதற்கடுத்த நாள் 61,000, பிசிவி 42. காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் டெங்குவில் காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் பயப்பட வேண்டிய நேரம் என்று டாக்டர் வீட்டுக்கு அனுப்பவில்லை. பிறகு 88,000க்கு ஏறியதும் டிஸ்சார்ஜ்.

மொத்த பில் 41,860 ரூபாய். நாங்கள் முதலில் அனுப்பியது கிளைம் படிவத்தின் இரண்டு பகுதிகள் (அ பகுதியை நாம் நிரப்ப வேண்டும், ஆ பகுதியை மருத்துவமனை நிரப்பி சீல் போட வேண்டும்), டிஸ்சார்ஜ் சம்மரி, ஐட்டம் வாரியாகப் பிரித்த ஃபைனல் பில், பணம் கட்டிய ரசீதுகள், மருந்துச் சீட்டோடு மருந்து பில்கள், லேப் ரிப்போர்ட், மகளின் ஆதார், என் பெயர் அச்சிட்ட கேன்சல் செக். கொஞ்ச நாளில் பதில் வந்தது. சேர்க்கும்போது பிளேட்லெட் ஒரு லட்சத்துக்கு மேல், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சரியாக இருந்தன, வாய்வழி மருந்து போதும், எனவே அட்மிஷனுக்கான அவசியத்தை விளக்கவும், கேஸ் ஷீட் முழுவதையும் அனுப்பவும் என்று.

கேஸ் ஷீட் என்றால் டிஸ்சார்ஜ் சம்மரி இல்லை, இரண்டையும் பலர் ஒன்று என்று நினைக்கிறார்கள். ஐபி நம்பர் போட்ட அந்த தடித்த ஃபைல், அதன் முழு நகல், ஒவ்வொரு பக்கத்திலும் மருத்துவமனை சீலோடு. மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் எழுதிக்கொடுத்தால் நகல் தருவார்கள், கட்டணம் உண்டு. வந்ததும் புரட்டிப் பார்த்தேன். உருப்படியாக உதவியவை நான்கே நான்கு.

முதலாவது அட்மிஷன் நோட், அதாவது சேர்த்த அன்று டூட்டி டாக்டர் கையால் எழுதியது. அதில் "காய்ச்சல் மூன்று நாள், வாந்தி ஐந்து முறை, வாய்வழி எடுக்கவில்லை, வயிற்று வலி, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை" என்று இருந்தது. உலக சுகாதார அமைப்பின் டெங்கு வழிகாட்டுதலில் விடாத வாந்தியும் வயிற்று வலியும் எச்சரிக்கை அறிகுறிகள், அவை இருந்தால் மருத்துவமனையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் நடைமுறை. பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கினால்தான் சேர்க்க வேண்டும் என்று அதில் இல்லை. ஆனால் டூட்டி டாக்டர் இரவு பன்னிரண்டு மணிக்கு அவசரத்தில் வெறும் "காய்ச்சல் மூன்று நாள்" என்று எழுதிவிட்டுப் போயிருந்தால்? சேர்க்கும்போது வாந்தி எத்தனை முறை, கடைசியாகச் சிறுநீர் எப்போது, என்ன குடித்தது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள், சொன்னதை எழுதினாரா என்று மரியாதையாகக் கேளுங்கள். நடக்காததை எழுதச் சொல்லக் கூடாது, அது வேறு வம்பு.

இரண்டாவது, நர்ஸ் எழுதும் காய்ச்சல், நாடி, ரத்த அழுத்த அட்டவணை. மூன்றாவது, உள்ளே போன திரவம் எவ்வளவு, வெளியேறிய சிறுநீர் எவ்வளவு என்ற சார்ட். எந்த மணிக்கு எத்தனை மில்லி சலைன் ஓடியது என்று அதில் வரிவரியாக இருக்கும். "ஆக்டிவ் ட்ரீட்மென்ட் எதுவும் இல்லை" என்று சொல்கிறவர்களுக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. நான்காவது, தேதி வாரியாக எல்லா ரத்தப் பரிசோதனைகளும். டிஸ்சார்ஜ் சம்மரியில் பெரும்பாலும் முதல் நாளும் கடைசி நாளும் மட்டும்தான் போடுவார்கள். எங்களுடையதில் 1,42,000, 88,000 என்று இரண்டே எண்கள் இருந்தன, நடுவில் 61,000 வரை இறங்கியதே தெரியவில்லை. பிளேட்லெட் வேகமாக இறங்கும்போது பிசிவி 36லிருந்து 42க்கு ஏறுகிறது என்றால் ரத்தத்திலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டியாகிறது என்று அர்த்தம். அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பேச்சே இல்லை.

இவற்றோடு குழந்தைகள் நல டாக்டரிடம் லெட்டர்பேடில் ஒரு கடிதம் வாங்கினேன், ஏன் சேர்த்தோம், ஏன் காய்ச்சல் விட்ட பிறகும் வைத்திருந்தோம் என்று அரைப் பக்கம். "நல்லபடியாகக் குணமானாள்" மாதிரியான பொதுவான சான்றிதழ் உதவாது. இன்சூரன்ஸ் என்ன கேட்டதோ அந்தக் கடிதத்தை டாக்டரிடமே காட்டி, அதற்கு நேரான பதிலாக எழுதி வாங்க வேண்டும். 38,910 ரூபாய் வந்தது. பிடித்தது மாஸ்க், தெர்மாமீட்டர், பதிவுக் கட்டணம் வகையறா 2,310, சீட்டு இல்லாத ஒரு மருந்து பில் 640. இதில் எனக்கு வருத்தமில்லை.

என்எஸ்1 பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லேபில் பத்து இருபது நிமிடத்தில் கொடுப்பது கார்டு டெஸ்ட். நம் அரசின் வழிகாட்டுதல்படி கார்டில் பாசிட்டிவ் வந்தால் "இருக்கக்கூடும்" என்றுதான் கணக்கு, எலைசா முறையில் செய்ததுதான் உறுதி. சில இன்சூரன்ஸ்காரர்கள் இதையும் கேட்கிறார்கள். டெங்கு வந்தால் மொத்தமாக ஒரு தொகை தருகிற தனி பாலிசி வைத்திருப்பவர்கள் கட்டாயம் விதிமுறையைப் பாருங்கள். காய்ச்சலின் முதல் நான்கைந்து நாளுக்கு என்எஸ்1 எலைசா, அதற்குப் பிறகென்றால் ஐஜிஎம் எலைசா. நாள் மாறினால் டெங்கு இருந்தும் நெகட்டிவ் வரும், அப்புறம் சம்மரியில் "வைரல் காய்ச்சல், தட்டணுக்குறைவு" என்று முடித்துவிடுவார்கள். சாதாரண மெடிக்ளைமுக்கு அதுவும் போதும், சேர்த்த அவசியம் தெரிந்தால் சரி. ஆனால் ஒரு காகிதத்தில் டெங்கு, இன்னொன்றில் வைரல் காய்ச்சல் என்று இருந்தால் கேள்வி நிச்சயம். டிஸ்சார்ஜ் அன்று வண்டியை எடுப்பதற்கு முன்பே சம்மரியைப் படித்துவிடுங்கள்: நோயின் பெயர், சேர்த்த நேரம், அனுப்பிய நேரம் (24 மணி நேரம் தாண்டியிருக்க வேண்டும்), வயது, பெயர்.

பெயர் நம் ஊருக்கே உரிய தலைவலி. பாலிசியில் அப்பா பெயர் விரிவாகப் பின்னால், ஆதாரில் இனிஷியல் முன்னால், லேபில் வீட்டில் கூப்பிடும் பெயர். மகளின் வெளி லேப் ரிப்போர்ட்டில் செல்லப் பெயர் அடித்திருந்தார்கள், நல்லவேளை அன்றைக்கே திருத்தி வேறு அச்செடுத்துக் கொடுத்தார்கள். அந்த ரிப்போர்ட்தான் அட்மிஷனுக்கு முந்தைய செலவுக்கும் ஆதாரம், டெங்கு என்பதற்கும் ஆதாரம். அதோடு தெருமுனை டாக்டரின் ஓபி சீட்டையும் தொலைக்காதீர்கள், காய்ச்சல் எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. புதுசாகப் பாலிசி எடுத்தவர்களுக்கு இன்னும் முக்கியம், முதல் 30 நாளுக்குள் வரும் நோய்க்குப் பணம் கிடையாது.

மகனுக்கு கேஷ்லெஸ்ஸில் அலைச்சல் குறைவு. 2024 மே மாதம் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ போட்ட உத்தரவுப்படி கேஷ்லெஸ் கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் பதில், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்துக்குள் ஒப்புதல் தர வேண்டும். கேஷ்லெஸ் ஆனாலும் கல்ச்சர் ரிப்போர்ட், கேஸ் ஷீட் நகலைக் கேட்டு வாங்கி வைத்தோம். ஒரிஜினல் போகிற எதையும் ஸ்கேன் செய்யாமல் அனுப்புவதில்லை.

விளக்கம் கொடுத்தும் நிராகரித்தால், எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு, ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கு சென்னை அண்ணா சாலையில் அலுவலகம், கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. நிறுவனத்தின் கடைசிப் பதில் வந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அங்கேயும் கேட்பது அந்த நான்கு காகிதங்களைத்தான்.

கடைசியாக, வீட்டுக்கு வந்த பிறகு எடுக்கும் பிளேட்லெட் டெஸ்ட், ரிவ்யூ ஃபீஸ் எல்லாம் தனி கிளைமாகப் போடலாம். எங்கள் பாலிசியில் டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள் வரை. "மீண்டும் ரத்தம் எடுக்கவும்" என்று டிஸ்சார்ஜ் சம்மரியின் கீழே டாக்டர் எழுதியிருக்க வேண்டும், இல்லையென்றால் ரிவ்யூவுக்குப் போகும்போது சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.