அம்மா வீடு யீஷுன், அண்ணன் வீடு ஜூரோங்: ஒரே நெட்ஃபிளிக்ஸை எப்படிப் பங்கு போடுவது?

பிரீமியம் எடுத்தால் ஒரே நேரத்தில் நான்கு திரை ஓடும், ஆளுக்கு ஒன்று என்று குடும்பத்துக்கே பிரித்துவிடலாம் என்றுதான் எல்லாரும் கணக்குப் போடுகிறார்கள். நான்கு திரை உண்மைதான், ஆனால் அந்த நான்கும் ஒரே வீட்டுக்கு. 2023 மே மாதத்திலிருந்து சிங்கப்பூரிலும் வெளி வீட்டுக் கட்டுப்பாடு வந்துவிட்டதால், ஜூரோங் டிவியில் யீஷுன் கணக்கைப் போட்டால் ஒருநாள் அது மறித்துவிடும்.

ஆக, யீஷுனில் அம்மா, அப்பா, தங்கை, ஜூரோங்கில் அண்ணனும் அண்ணியும் என்றால் மூன்று வழி: பிரீமியத்தோடு, வேறு வீட்டில் இருப்பவரைத் தனிக் கட்டணம் கட்டிச் சேர்க்கும் கூடுதல் உறுப்பினர் ஒருவர், இரு திரை கொண்ட ஸ்டாண்டர்டோடு அதே கூடுதல் உறுப்பினர் ஒருவர், அல்லது இரண்டு தனிக் கணக்கு.

என் ஓட்டு நடுவில் இருப்பதற்கு. கூடுதல் உறுப்பினருக்குத் தனிக் கடவுச்சொல்லும் தனியாக ஒரு திரையும் கிடைக்கும், அது வீட்டின் இரண்டு திரையைத் தின்னாது. அம்மா சீரியலும் தங்கை கொரியத் தொடரும் ஓடும்போது அண்ணன் படம் பார்த்தாலும் யாருக்கும் "நிறையப் பேர் பார்க்கிறார்கள்" என்ற தகவல் வராது. அப்பாவும் அதே நேரத்தில் உட்கார்ந்தால்தான் வரும். எம்ஆர்டியில் பார்க்கிற தங்கை முன்பே பதிவிறக்கி, இணையமில்லாமல் பார்த்தால் அதுவும் திரைக் கணக்கில் சேராது. பணம் பிரிப்பதும் எளிது: கூடுதல் கட்டணம் முழுக்க அண்ணனுடையது, மீதி யீஷுன் வீட்டுக்கு, தலைக்கணக்கு வேண்டாம்.

இடிக்கும் இடம் ஒன்று: அந்த உறுப்பினருக்கு ஒரே ஒரு ப்ரொஃபைல். அண்ணன் பார்க்கும் பேய்ப்படமும் அண்ணி பார்க்கும் சமையல் நிகழ்ச்சியும் ஒரே பட்டியலில் குழம்பும், பாதியில் விட்ட எபிசோடை மற்றவர் தள்ளிவிட்டிருப்பார். இருவருக்கும் ரசனை வேறு என்றால் தனிக் கணக்குதான் நிம்மதி, கொஞ்சம் அதிகமாகக் கொடுத்தாலும்.

யீஷுனில் ஐந்து ப்ரொஃபைல் வைக்கலாம், திரை இரண்டே, இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆளுக்கு ஒன்று போட்டும் அம்மா ப்ரொஃபைலில் கொரியத் தொடர் பரிந்துரையாக வந்தால் தங்கைதான் அவசரத்தில் தவறான முகத்தை அழுத்தியிருக்கிறாள், "Viewing activity"யில் தேதியோடு தெரியும். அங்கேயே மறைத்துவிடலாம், ஆனால் மற்ற சாதனங்களில் மறைய ஒருநாள் வரை ஆகலாம். அப்புறம் தங்கை ப்ரொஃபைலுக்கு ஒரு பின் எண் போட்டால் அப்பா அதற்குள் போக மாட்டார்.

அண்ணனைக் கூடுதல் உறுப்பினராக மாற்றும்போது "Transfer Profile" செய்தால் பார்த்ததும் பட்டியலும் கூடவே போகும். இணைய, மொபைல் பேக்கேஜோடு வந்த கணக்கென்றால் கூடுதல் உறுப்பினரைச் சேர்க்கும் வசதி சிலவற்றில் இருக்காது, அண்ணனிடம் பணம் கேட்பதற்கு முன் கணக்குப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.