சிவப்புப் பட்டை, பச்சைப் பட்டை: ஐ.இ.எல்.டி.எஸ். பேச்சு அட்டைப் பெட்டி, நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

மதுரையில் ஒரு பயிற்சி நிலையம் விற்றுவரும் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்கான அட்டைப் பெட்டியின் விலை பாதியாகக் குறைந்திருப்பதால், திருமங்கலத்து நண்பர் ஒருவர் "வாங்கிப் போடலாமா அண்ணே?" என்று கேட்டிருந்தார். முழு விலை கொடுத்து வாங்கியவன் என்ற உரிமையோடு இதை எழுதுகிறேன். முதலில் என் தேர்வுக்குப் பயன்பட்ட பெட்டி, மதிப்பெண்ணின் இரண்டு ஆண்டு ஆயுள் முடிந்து மறுபடியும் எழுத நேர்ந்தபோது பரணிலிருந்து இறங்கியது. இப்போது கல்லூரி முடிக்கப்போகும் என் அக்கா மகளிடம் இருக்கிறது. தேர்வின் அமைப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: மொத்தம் 11 முதல் 14 நிமிடம், நடுப்பகுதியில் ஓர் அட்டையைக் கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்கவிட்டு, இரண்டு நிமிடம் வரை தனியாகப் பேசச் சொல்வார்கள். அந்த நடுப்பகுதிக்கான பயிற்சிதான் இந்தப் பெட்டி. அட்டைகள், ஒரு நிமிட மணற்கடிகை, மெலிந்த கையேடு ஒன்று, அவ்வளவே.

பெட்டியைத் திறந்த நாளிலிருந்து என் பொறுமையைச் சோதிப்பது அட்டைகளின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் வண்ணப் பட்டை. அனுபவத்தைக் கேட்கும் அட்டைக்குச் சிவப்பு, திட்டத்தைக் கேட்கும் அட்டைக்குப் பச்சை. சிவப்பென்றால் இறந்தகாலத்தில் பேசு, பச்சையென்றால் எதிர்காலத்தில் பேசு என்பது ஏற்பாடு. பார்ப்பதற்கு ஒழுங்காகத் தெரியும் இந்த ஏற்பாடு, பேசுகிறவரை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை அக்கா மகளின் பதிவு ஒன்றைக் கேட்டபோது தெளிவாகப் பார்க்க முடிந்தது.

அவளுக்கு வந்தது சிவப்பு அட்டை. நீங்கள் கலந்துகொண்ட ஒரு விழாவைப் பற்றிச் சொல்லுங்கள். எந்த விழா, எப்போது, யாருடன் போனீர்கள், அது ஏன் நினைவில் நிற்கிறது என்று கேட்டிருந்தது. அழகர் கோயிலிலிருந்து புறப்பட்டு வரும் கள்ளழகரை ஊர் எதிர்கொண்டு அழைக்கும் எதிர்சேவையை அவள் எடுத்துக்கொண்டாள். பாட்டியோடு தல்லாகுளத்தில் நின்ற இரவைப் பற்றி நன்றாகவே பேசினாள். ஆனால் பட்டைக்குக் கட்டுப்பட்டு ஒவ்வொரு வினைச்சொல்லையும் இறந்தகாலத்துக்குள் தள்ளிவிட்டாள். "த ஃபெஸ்டிவல் வாஸ் செலிப்ரேட்டட் எவ்ரி இயர்" என்றாள். கேட்பவருக்கு, அந்தத் திருவிழா முன்னொரு காலத்தில் நடந்து இப்போது நின்றுபோய்விட்டது என்று பொருள்படும். "மை கிராண்ட்மதர் வாஸ் வெரி ஃபாண்ட் ஆஃப் மீ" என்றாள். அந்த நேரத்தில் பாட்டி அடுத்த அறையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். தேர்வாளராக யாராவது உட்கார்ந்திருந்தால் பாட்டிக்கு அனுதாபம் தெரிவித்திருப்பார்.

போனது இறந்தகாலம், பாட்டியின் பாசமும் ஆண்டுதோறும் நடக்கும் விழாவும் நிகழ்காலம், "ஏன் நினைவில் நிற்கிறது" என்ற கடைசிக் கேள்வி, பேசுகிறவரை வலிய நிகழ்காலத்துக்குத் திருப்புகிறது. இதைச் சொன்னபோது அவள், "மாமா, இது சிவப்பு அட்டைதானே, இதில் நிகழ்காலம் எப்படி வரும்?" என்று கேட்டாள். அவளைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஒரே அட்டைக்குள் காலம் மாறி மாறித்தான் வரும், அப்படி மாறும்போது வினையும் பிசகாமல் மாறுகிறதா என்றுதான் இலக்கணத்துக்கான மதிப்பீட்டில் பார்க்கிறார்கள் என்பதைப் பெட்டி தயாரித்தவர்கள் அறிந்திருக்க வேண்டாமா? பேச்சுத் தேர்வின் நான்கு அளவுகோல்களில் இலக்கணம் ஒன்று, நான்குக்கும் சம எடை. அதில் ஏழாம் பேண்டு மதிப்பெண்ணுக்கான வரையறை, பிழையற்ற வாக்கியங்கள் அடிக்கடி வர வேண்டும் என்கிறது. எல்லா வாக்கியத்தையும் ஒரே காலத்தில் நிறுத்திவைத்தால் பிழை குறையும் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் பிழைதான் வாக்கியத்துக்கு வாக்கியம் பெருகுகிறது.

இத்தனை கோபத்துக்குப் பிறகும் பெட்டியைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பதற்குக் காரணம், மெலிந்த கையேட்டின் நடுவே, யாரும் விளம்பரம் செய்யாத ஒரே ஒரு பக்கம். தமிழ் வினைமுற்றுகளை இடப்பக்கமும், அவற்றுக்கு நேரான ஆங்கில வடிவங்களை வலப்பக்கமும் வைத்து, எங்கெல்லாம் நேர்கோடு போட முடியாது என்பதை அந்தப் பக்கம் காட்டுகிறது. தமிழ் பேசுகிறவரின் ஆங்கிலத்தில் காலம் எங்கே வழுக்கும் என்பதை அறிந்த ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்கும் பட்டை போட்டவருக்கும் அறிமுகமே இருந்திருக்காது.

அந்தப் பக்கத்தின் முதல் வரியிலேயே பெரிய வழுக்கல் இருக்கிறது. "சின்ன வயதில் தாத்தா ஒவ்வொரு வருடமும் அழைத்துப்போவார்" என்று நாம் சொல்கிறோம். "போவார்" என்பது வடிவத்தில் எதிர்காலம், பொருளில் இறந்தகாலத்து வழக்கம். தமிழில் அது இயல்பு. கேட்கிற யாரும் குழம்புவதில்லை. அதை அப்படியே கொண்டுபோனால் "மை கிராண்ட்ஃபாதர் வில் டேக் மீ எவ்ரி இயர்" என்று வரும், அது இனிமேல் நடக்கப்போவதைச் சொல்லும். அங்கே வர வேண்டியது "வுட் டேக்" அல்லது "யூஸ்டு டு டேக்". இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக்கூடக் கையேடு ஒரு வரியில் சொல்லிவிடுகிறது: திரும்பத் திரும்பச் செய்த செயலுக்கு இரண்டும் பொருந்தும், ஓரிடத்தில் வசித்தது, ஒன்று பிடித்திருந்தது போன்ற நிலைகளுக்கு "யூஸ்டு டு" மட்டுமே பொருந்தும். செல்லூரில் குடியிருந்ததைச் சொல்லும்போது "வி வுட் லிவ் இன் செல்லூர்" என்றால் தவறு.

அடுத்த வழுக்கல், "போயிருக்கிறேன்". "நான் எதிர்சேவைக்குப் போயிருக்கிறேன்" என்பதற்கு "ஐ ஹேவ் பீன்" என்பது சரியான இணை. அதையே "ஐ ஹேவ் கான்" என்று சொன்னால் போனவர் இன்னும் திரும்பவில்லை என்றாகும், பேசுகிறவரோ தேர்வாளரின் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் தமிழில் "போன வருடம் போயிருக்கிறேன்" என்றும் கூசாமல் சொல்லலாம். ஆங்கிலத்தில் முடிந்துபோன காலத்தைக் குறிக்கும் சொல் வந்த உடனே அந்த வடிவம் செல்லாது: "லாஸ்ட் இயர் ஐ வென்ட்" என்று மாற்றியாக வேண்டும். காலச்சொல் முதலில் வந்துவிட்டால் வினை அதற்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற இந்த ஒரு விதியை உள்வாங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

காலச்சொற்களிலும் தமிழ் எட்டிப்பார்க்கும். "ஐந்து வருடத்துக்கு முன்னால்" என்ற நினைப்பில் "பிஃபோர் ஃபைவ் இயர்ஸ்" என்று வருவது "ஃபைவ் இயர்ஸ் அகோ" என்று ஆக வேண்டும். "மூன்று வருடமாக" என்பது "சின்ஸ் த்ரீ இயர்ஸ்" ஆகிவிடுகிறது. கால அளவுக்கு "ஃபார்", தொடங்கிய புள்ளிக்குத்தான் "சின்ஸ்". கூடவே "ஐ ஆம் ஒர்க்கிங்" என்பதும் "ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங்" ஆக வேண்டும் என்பதைக் கையேடு நினைவூட்டுகிறது.

இந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மணற்கடிகையைத் திருப்பி, அதே சிவப்பு அட்டையை அக்கா மகளை மறுபடி எடுக்கச் சொன்னேன். அந்த ஒரு நிமிடத்தில் வாக்கியம் எதுவும் எழுதாமல், தாளின் ஓரத்தில் காலச்சொற்களை மட்டும் எழுத வேண்டும் என்று ஏற்பாடு. "லாஸ்ட் இயர், தட் நைட், வென் ஐ வாஸ் லிட்டில், நௌ, நெக்ஸ்ட் ஏப்ரல்" என்று எழுதினாள். போன வருடம் போனாள். அன்றிரவு அவர்கள் தல்லாகுளம் சேர்வதற்குள் சாலை நிரம்பிவிட்டிருந்தது, அங்கே ஒரே ஒரு "ஹேட் ஃபில்ட்" போதுமானதாக இருந்தது. சின்ன வயதில் தாத்தா "யூஸ்டு டு டேக் மீ". இப்போது பாட்டி அதை விட்டுக்கொடுப்பதே இல்லை, "ஷி நெவர் மிஸ்ஸஸ் இட்". பாட்டிக்கு உயிர் திரும்பியது. பேச்சும் நீண்டது, ஏனென்றால் ஒவ்வொரு காலச்சொல்லும் அடுத்து எதைச் சொல்வது என்பதையும் சேர்த்துக் கொடுத்தது.

தாளில் கடைசியாக இருந்த "நெக்ஸ்ட் ஏப்ரல்" பெட்டியின் ஏழ்மையைக் காட்டிவிட்டது. பச்சை அட்டைகளின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் மாதிரி விடைகள் "ஐ வில்" என்பதைத் தவிர வேறெதையும் அறியாதவை. நம்முடைய பேச்சில் உறுதிக்குத்தான் எத்தனை தரங்கள்! "போகிறேன், டிக்கெட் போட்டாகிவிட்டது" என்பது உறுதி. ஆங்கிலத்தில் "ஐ ஆம் கோயிங், ஐ ஹேவ் புக்ட் த டிக்கெட்ஸ்". "போகப்போகிறேன்" என்பது முடிவெடுத்தது, அது வார்த்தைக்கு வார்த்தை "ஐ ஆம் கோயிங் டு கோ". "போகலாம் என்றிருக்கிறேன்" என்றால் "ஐ ஆம் திங்கிங் ஆஃப் கோயிங்". "லீவு கிடைத்தால் பார்க்கலாம்" என்றால் "ஐ மைட் கோ, இஃப் ஐ கெட் லீவ்". அந்தக் கடைசி வாக்கியத்திலும் ஒரு கண்ணி உண்டு: "கிடைத்தால்", "முடிக்கும்போது" போன்றவற்றுக்கு "இஃப் ஐ வில் கெட்", "வென் ஐ வில் ஃபினிஷ்" என்று வில் ஒட்டக்கூடாது, நிகழ்கால வடிவம்தான் வர வேண்டும். இந்தத் தரங்களெல்லாம் பெட்டிக்குள் எங்கேயும் இல்லை. நல்ல பக்கத்தை எழுதியவர்கூட எதிர்காலத்துக்கு வருவதற்குள் தாள் தீர்ந்துவிட்டது போலும்.

மாதிரி விடைகளை மனப்பாடம் செய்கிறவர்களுக்கு வேறொரு சிக்கலும் இருக்கிறது. பேசி முடித்ததும் தேர்வாளர் அதையொட்டி ஒன்றிரண்டு சிறு கேள்வி கேட்கலாம்: அடுத்த முறையும் போவீர்களா, பாட்டியும் வருவாரா என்பது போல. மனப்பாடம் அங்கே துணைக்கு வராது. மூன்றாம் பகுதியில், விழாக்கள் எப்படி மாறியிருக்கின்றன, இனி எப்படி மாறும் என்று பேச்சு பொதுவாக விரியும்போது "ஹேவ் சேஞ்ச்ட்" என்பதிலிருந்து "ஆர் லைக்லி டு" என்பதற்கு ஒரே மூச்சில் தாவ வேண்டியிருக்கும். அதற்கு இந்தப் பெட்டியில் அட்டையே கிடையாது.

நியாயமாகப் பார்த்தால் ஒரு நல்ல பக்கம், உழைக்கும் மணற்கடிகை, கேள்விகளில் குறையில்லாத அட்டைகள் என்று மூன்று நல்ல விஷயங்களுக்குப் பாதி விலை அதிகமில்லை. ஆனாலும் ஐந்துக்கு இரண்டுதான் போடுகிறேன். திருமங்கலத்து நண்பருக்கு வாங்க வேண்டாம் என்று சொல்லி, அந்த ஒரு பக்கத்தை மட்டும் போனில் படமெடுத்து அனுப்பிவிட்டேன். அக்கா மகளின் பெட்டியில் இருக்கும் பட்டைகளைக் கத்தரித்து எடுக்கும் வேலை சிவப்பில் முடிந்தது. பச்சை அட்டைகள் இன்னும் கிடக்கின்றன.