கத்திரி வெயிலில் கான்கிரீட்: ஐஸா, சில்லர் தண்ணீரா, ஜல்லிக்கு நிழலா?

மே மாதம் சென்னையில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்துக்கு ஒன்றரை மீட்டர் தடிமன் கான்கிரீட் பலகை, அதாவது ராஃப்ட், போட வேண்டியிருந்தது. மொத்தம் 400 கன மீட்டர். கொட்டும் இடத்தில் கலவையின் சூடு 32 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது ஒப்பந்த நிபந்தனை. தடிமனான ராஃப்டில் சிமெண்ட் இறுகும்போது வரும் சூடு நடுவில் தங்கிவிடும். கொட்டும்போதே கலவை சூடாக இருந்தால் நடுப்பகுதி இன்னும் கொதிக்கும், மேற்பரப்புக்கும் நடுவுக்கும் வித்தியாசம் கூடும், அப்புறம் வெடிப்பு வரும். அதற்காகத்தான் அந்த நிபந்தனை.

எங்கள் கணக்கை அப்படியே சொல்கிறேன். ஒரு கன மீட்டருக்கு சிமெண்ட் 400 கிலோ, லாரியில் வந்த சூட்டோடு 65 டிகிரி. ஜல்லியும் மணலும் சேர்ந்து 1800 கிலோ, 38 டிகிரி. தண்ணீர் 170 கிலோ. அதில் 40 கிலோ மணலின் ஈரத்திலேயே இருக்கிறது. மீதி 130 கிலோவை 33 டிகிரி தொட்டித் தண்ணீராக நாம் ஊற்றுகிறோம். ஒரு கிலோ சிமெண்டோ ஜல்லியோ ஒரு டிகிரி சூடாக, தண்ணீருக்கு வேண்டியதில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு வெப்பம் போதும். அதனால் அவற்றின் எடையை 0.22-ஆல் பெருக்கிக்கொள்கிறோம். கூட்டிப் பார்த்தால் கலவை 40.6 டிகிரியில் வருகிறது. வழியில் இன்னும் இரண்டு மூன்று டிகிரி ஏறும். ஆகவே மிக்ஸரை விட்டு வெளியே வரும்போது 29, 30 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும்.

முதலில் சில்லர் தண்ணீரைப் பார்த்தோம். ஊற்றும் 130 கிலோவையும் 5 டிகிரிக்குக் குளிர்வித்தால் கலவை 35.1-க்கு இறங்குகிறது. ஐந்தரை டிகிரி லாபம், ஆனால் அதற்கு மேல் போக வழியில்லை. தண்ணீரை உறையும் நிலைக்கே கொண்டுபோனாலும் இன்னும் ஒரு டிகிரிதான் கிடைக்கும். சில்லரின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. வழக்கமான தண்ணீர்த் தராசிலேயே அளந்து ஊற்றலாம், கலக்கும் நேரம் மாறாது, ஆள் தவறு நுழைய இடமே கிடையாது. வருஷம் முழுக்க கலவை விற்கும் பிளாண்டுக்கு இதைவிட நல்ல முதலீடு இல்லை.

ஐஸின் கணக்கே வேறு. ஒரு கிலோ ஐஸ் உருகுவதற்கு மட்டும் 80 கிலோ கலோரி இழுத்துக்கொள்கிறது. உருகிய பிறகும் அது பூஜ்ய டிகிரித் தண்ணீர்தான். ஆக, 33 டிகிரித் தண்ணீர் ஒரு கிலோவுக்குப் பதில் ஒரு கிலோ ஐஸ் போட்டால் 113 கிலோ கலோரி கழிகிறது. 130 கிலோ தண்ணீரையும் சில்லரில் குளிர்விக்கும் வேலையை வெறும் 32 கிலோ ஐஸ் செய்துவிடும். ஊற்றும் தண்ணீரில் பாதியை, அதாவது 65 கிலோவை, ஐஸாக மாற்றினால் கலவை 29.4-க்கு வருகிறது. 32 டிகிரி நிபந்தனையைத் தனியாக நின்று தொட்டது இந்த வழி மட்டும்தான்.

ஆனால் 400 கன மீட்டருக்கு 65 கிலோ வீதம் என்றால் 26 டன் ஐஸ். மணிக்கு 40 கன மீட்டர் வேகத்தில் கொட்டினால், மணிக்கு 2.6 டன்னை உடைத்து, எடை போட்டு, ஏற்ற வேண்டும். செதில் ஐஸ் இயந்திரம் இருந்தால் வேலை சுலபம். மெல்லிய தகடு மிக்ஸரில் உடனே கரைந்துவிடும். எங்களிடம் அது இல்லை. 50 கிலோ ஐஸ் பார்களை வாங்கி கிரஷரில் உடைத்தோம். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

முதல் லாரி கிளம்பும்போது ஸ்லம்ப், அதாவது கலவை எவ்வளவு இளகியிருக்கிறது என்ற அளவு, 120 மில்லிமீட்டர். சைட்டில் அளந்தால் 180. வெயிலில் ஸ்லம்ப் குறைந்துதான் பார்த்திருக்கிறோம், கூடியதில்லை. டிரைவர் வழியில் தண்ணீர் ஊற்றிவிட்டார் என்று எல்லோரும் அவர்மேல் பாய்ந்தார்கள். ஒரு மண்வெட்டிக் கலவையைத் தகரத்தில் பரப்பிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஜல்லிக்கு நடுவே, சிமெண்ட் பூசி, முட்டை அளவில் ஐஸ் கட்டிகள். மிக்ஸரில் கரையாமல் வழியெல்லாம் கரைந்துகொண்டே வந்திருக்கின்றன. அப்படியே கொட்டியிருந்தால் கட்டி இருந்த இடம் உருகி ஓட்டையாகியிருக்கும். அந்த லாரியைத் திருப்பி அனுப்பினோம். டிரைவரிடம் மன்னிப்பும் கேட்டோம்.

அதன் பிறகு ஐஸை இரண்டு முறை கிரஷரில் விட்டோம், கலக்கும் நேரத்தைக் கூட்டினோம், ஒவ்வொரு லாரியிலும் தகரத்தில் பரப்பிப் பார்த்தோம். வெள்ளைத் துணுக்கு ஒன்று தெரிந்தாலும் இன்னும் கலக்கச் சொன்னோம். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஐஸ் போடும் எந்த சைட்டிலும் இதை விட்டுவிடாதீர்கள்.

எடையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஐஸ் எடை முழுவதையும் தண்ணீர்க் கணக்கில் கழிக்க வேண்டும், அது சரி. ஆனால் கூடையில் காத்திருக்கும்போதே 10 கிலோ உருகியிருந்தால், எடை சரியாகவே காட்டும், குளிர்ச்சி மட்டும் 1.2 டிகிரி குறைந்திருக்கும். தண்ணீர் கீழே வடிந்துபோனால் வேறு கதை: அப்போது கலவைக்குத் தண்ணீர் பற்றாது. அதனால் ஏற்றும் நேரத்தில்தான் எடை போட வேண்டும். கூடை எண்ணிக்கையை நம்பக் கூடாது.

மூன்றாவது வழி, ஜல்லி மணலுக்கு நிழல். பலர் இதைச் சாதாரணமாக நினைக்கிறார்கள். எனக்கு இதில்தான் பெரிய நம்பிக்கை. கலவையின் சூட்டில் பாதிக்கு மேல் ஜல்லி மணலில் இருந்து வருகிறது. கூரை போட்டு, ஜல்லிமேல் லேசாகத் தண்ணீர் தெளித்து 38-ஐ 33 ஆக்கினால் கலவை 3.3 டிகிரி இறங்குகிறது. அதன் பிறகு 29.5-க்கு வர 45 கிலோ ஐஸ் போதும். கன மீட்டருக்கு 20 கிலோ மிச்சம், 400 கன மீட்டருக்கு 8 டன். ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, கடலோரப் புழுக்கத்தில் தெளித்த தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது, உள்நாட்டு வறண்ட வெயிலில் கிடைக்கும் பலன் இங்கே கிடைக்காது. இன்னொன்று, தெளித்த அன்று ஈரத்தை அடிக்கடி அளக்க வேண்டும். இல்லையென்றால் அந்தத் தண்ணீர் கணக்கில் வராமல் கலவைக்குள் போய்விடும்.

சிமெண்டை ஆறவைப்பதில் லாபம் குறைவு. பத்து டிகிரி ஆறினால் கலவையில் 1.3 டிகிரிதான். திரவ நைட்ரஜன் நம் அளவு வேலைக்குக் கட்டுப்படியாகாது. இரவில் கொட்டுவது எந்த வழியோடும் சேரும், செய்யலாம்.

என் தேர்வு இதுதான். சாதாரண தளம், பீம் என்றால் நிழலும் இரவு வேலையும் போதும். அடிக்கடி பெரிய கொட்டல் இருக்கும் பிளாண்டுக்கு நிழலும் சில்லரும். 33 டிகிரி ஜல்லியோடு அது 31.7 தரும். அதோடு 20 கிலோ ஐஸ் மட்டும் சேர்த்தால் 29.1. எப்போதாவது ஒரு தடித்த ராஃப்ட் என்றால் நிழலோடு 45 கிலோ ஐஸ்.

ஐஸ் பார் வாங்குவதற்கு முன் உருக்கி, குளோரைடு சோதனை செய்யுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டின் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. ஐஸ் பார் தகர டப்பாக்களை உப்புத் தண்ணீரில் மூழ்கவைத்துத்தான் உறைய வைக்கிறார்கள். டப்பா ஒழுகினால் அந்த உப்பு பாருக்குள் வந்துவிடும். மீனுக்காகச் செய்யும் ஐஸில் யாரும் இதைப் பார்ப்பதில்லை. நாங்கள் முதலில் பேசிவைத்த ஐஸ் தொழிற்சாலையை மாற்றியது இந்தச் சோதனையில் தவறியதால்தான்.